ஹைப்போ டோசிங் பம்ப்: ஸ்ட்ரோக் குமிழை எதில் வைப்பது, எப்படி அளப்பது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் குடியிருப்பில் போர்வெல் தண்ணீர் நேராக மேல்நிலைத் தொட்டிக்கு ஏறுகிறது. ஏறும் குழாயிலேயே ஒரு சின்ன டோசிங் பம்ப் ஹைப்போவை, அதாவது சோடியம் ஹைப்போகுளோரைட் என்ற குளோரின் கரைசலைச் செலுத்துகிறது. அதைப் பார்த்துக்கொள்ளும் வேலை சில வருடங்களாக என் தலையில். பக்கத்துக் குடியிருப்புக்காரர்களும், புதிதாக வரும் பிளம்பர்களும், ஆபரேட்டர் தம்பிகளும் திரும்பத் திரும்ப என்னிடம் கேட்டவை இவை. கீழே வரும் எண்களெல்லாம் எங்கள் பம்ப், எங்கள் தண்ணீர், எங்கள் குழாய்க்கு உரியவை. முறையை எடுத்துக்கொள்ளுங்கள், எண்களை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பம்ப் மேல் 6 எல்.பி.எச். என்று போட்டிருக்கிறது, குமிழில் 0 முதல் 100 வரை இருக்கிறது. 40-ல் வைத்தால் மணிக்கு 2.4 லிட்டர்தானே, அப்புறம் எதற்கு அளக்க வேண்டும்?

வராது. எங்கள் பம்பில் 40-ல் வைத்து அளந்தபோது வந்தது மணிக்கு 1.9 லிட்டர்தான், அதாவது கணக்கில் 20 சதவீதம் குறைவு. பம்பில் கோளாறு ஒன்றும் இல்லை, அது அப்படித்தான் வேலை செய்யும்.

உள்ளே ஒரு ரப்பர் டயாஃப்ரம் முன்னும் பின்னும் போய் வருகிறது. அது எவ்வளவு தூரம் போகலாம் என்பதைத்தான் ஸ்ட்ரோக் குமிழ் தீர்மானிக்கிறது. ஆனால் போகிற தூரம் முழுவதும் கரைசலைத் தள்ளுவதற்குச் செலவாவதில்லை. முதலில் டயாஃப்ரமே கொஞ்சம் வளைந்து கொடுக்கும், கீழ் வால்வில் உள்ள குண்டு போய் உட்காரக் கொஞ்சம் நேரம் எடுக்கும், அதற்குள் சிறிது கரைசல் பின்னால் நழுவிவிடும். இந்த இழப்பு ஒவ்வொரு அடியிலும் ஏறக்குறைய ஒரே அளவு. அதனால் பெரிய ஸ்ட்ரோக்கில் அது கண்ணுக்குத் தெரியாது, சின்ன ஸ்ட்ரோக்கில் பாதியைத் தின்றுவிடும். லைனில் எதிர்ப்பு அழுத்தம் கூடக் கூட இழப்பும் கூடும். பெயர்ப்பலகையில் இருக்கும் 6 லிட்டர் என்பது ஒரு குறிப்பிட்ட அழுத்தத்தில், முழு ஸ்ட்ரோக்கில், புதுப் பம்பில் தண்ணீரை வைத்து எடுத்த அளவு. உங்கள் வீட்டுக் குழாய் அதுவல்ல.

முதலில் எனக்கு நிமிடத்துக்கு எத்தனை மில்லி வேண்டும் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

மூன்று எண்கள் தெரிந்தால் போதும்: மணிக்கு எவ்வளவு தண்ணீர் ஏறுகிறது, லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் குளோரின் போடப் போகிறீர்கள், கரைசலில் லிட்டருக்கு எத்தனை கிராம் குளோரின் இருக்கிறது.

தண்ணீர் அளவுக்கு மோட்டார் பெட்டியில் ஒட்டியிருப்பதை நம்ப வேண்டாம். தொட்டியிலிருந்து வெளியே போகும் வால்வை மூடிவிட்டு, மோட்டாரைப் போட்டு மட்டம் ஏறுவதைப் பாருங்கள். எங்கள் தொட்டி 4 மீட்டருக்கு 3 மீட்டர். 15 நிமிடத்தில் 25 செ.மீ. ஏறியது. 4 × 3 × 0.25, ஆக 3 கன மீட்டர், மணிக்கு 12,000 லிட்டர். வெளியே போகும் வால்வை மூடாமல் அளந்தால் காலையில் எல்லாரும் குளிக்கிற நேரத்தில் மணிக்கு 9,000 என்று காட்டும், அதை வைத்துப் போடும் கணக்கு முழுவதும் தப்பாகிவிடும்.

டோஸ் லிட்டருக்கு 2 மில்லிகிராம் என்று தொடங்கினோம். இது இறுதி முடிவு இல்லை, தொடக்கப் புள்ளி. மணிக்கு 12,000 லிட்டருக்கு 24 கிராம் குளோரின் வேண்டும்.

கரைசல்: ஹைப்போ கேனில் 12 சதவீதம் என்று ஒட்டியிருந்தாலும் நான் 10 என்றே எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் வெயிலில் லாரியில் வந்து, கடைக்காரர் குடோனில் கிடந்து, அப்புறம்தான் நம்மிடம் வருகிறது. 10 லிட்டர் ஹைப்போவைத் தண்ணீர் விட்டு 100 லிட்டர் ஆக்கினால் அது ஒரு சதவீதக் கரைசல், லிட்டருக்கு 10 கிராம். 24 கிராமுக்கு மணிக்கு 2.4 லிட்டர், அதாவது நிமிடத்துக்கு 40 மில்லி. இந்த 40 மில்லிதான் நாம் தேடுவது. குமிழில் எந்த எண் வந்தாலும் எனக்குக் கவலையில்லை.

டெலிவரி குழாயைக் கழற்றி மில்லி அளக்கும் சிலிண்டருக்குள் விட்டு ஒரு நிமிடம் பிடித்தால் வேலை சுலபமாக முடியுமே?

நானும் முதல் வருடம் அப்படித்தான் செய்தேன். 60-ல் வைத்து வாய் திறந்த குழாயிலிருந்து பிடித்தபோது 61 மில்லி வந்தது. அதே 60-ல், குழாயை லைனில் மாட்டி, தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும்போது அளந்தால் 53 மில்லி. எங்கள் தொட்டி 20 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அதனால் பம்ப் சுமார் 2 கிலோ அழுத்தத்தை எதிர்த்துத் தள்ளியாக வேண்டும். வெளியே பிடிக்கும்போது அந்த எதிர்ப்பே இல்லை.

ஆகவே அளவை டெலிவரி பக்கம் எடுக்கக் கூடாது, உறிஞ்சும் பக்கம் எடுக்க வேண்டும். பம்ப் வழக்கம்போல லைனுக்குள் செலுத்திக்கொண்டிருக்கட்டும். அது சிலிண்டரிலிருந்து எவ்வளவு உறிஞ்சியது என்று பார்ப்பதுதான் முறை. உள்ளே போனது எவ்வளவோ அதுவே லைனுக்குள் போனது. போர் மோட்டாரும் கட்டாயம் ஓட வேண்டும். மோட்டாரை நிறுத்திவிட்டு டோசிங் பம்பை மட்டும் ஓட்டினால் அழுத்தமும் வேறு, தண்ணீர் நகராத குழாயில் கெட்டியான கரைசல் ஓரிடத்தில் சேர்ந்தும் நிற்கும்.

லைனில் எதிர்ப்பே இல்லாமல், சம்பின் மேல்பக்கத்தில் திறந்த குழாயில் விடுகிறவர்களுக்கு வேறு ஒரு தொல்லை உண்டு. கரைசல் டேங்க் மேலே, விடும் இடம் கீழே என்றால் பம்ப் நின்றிருந்தாலும் சைஃபன் ஆகிக் கரைசல் தானாக இறங்கும். கரைசல் லைனுக்குள் நுழையும் இடத்தில் உள்ள இன்ஜெக்ஷன் வால்வில் ஸ்பிரிங் இருக்கிறதா, அது இன்னும் இறுக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள். பம்பை நிறுத்திவிட்டுச் சிலிண்டரை ஐந்து நிமிடம் கவனித்தாலே தெரிந்துவிடும். மட்டம் இறங்கினால் சைஃபன்.

அளப்பதற்கென்று தனி ட்யூப் எல்லாம் எங்கள் பம்பில் இல்லை. வெறும் சிலிண்டரை வைத்து எப்படி அளப்பது?

எங்களிடமும் இல்லை. 250 மில்லி பிளாஸ்டிக் சிலிண்டர் ஒன்று, 100 மில்லி சிலிண்டர் ஒன்று, செல்போனில் ஸ்டாப்வாட்ச், இவ்வளவுதான். கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு சதவீதக் கரைசல்தானே என்று அலட்சியமாக இருந்ததில் எனக்கு இரண்டு பேன்ட் போனது, கண்ணில் பட்டிருந்தால் பேன்ட்டோடு போயிருக்காது.

கரைசல் டேங்கிலிருந்து உறிஞ்சும் குழாயை அதன் அடி நுனியில் உள்ள ஃபுட் வால்வோடு வெளியே எடுத்து, அதே கரைசல் நிரப்பிய 250 மில்லி சிலிண்டருக்குள் விடுங்கள். சிலிண்டர் டேங்கின் மட்டத்துக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும், தரையில் வைத்தால் பம்ப் கூடுதல் உயரம் இழுக்க வேண்டியிருக்கும். மாற்றும்போது குழாய்க்குள் கொஞ்சம் காற்று புகும். அந்தக் காற்று மொத்தமும் பம்பைத் தாண்டிப் போகும்வரை ஓடவிடுங்கள், அதற்குள் ஸ்டாப்வாட்ச்சைத் தொடாதீர்கள். குழாய் ஆடாதபடி ஒரு கிளிப் போட்டுச் சிலிண்டர் விளிம்போடு பிடித்துவிடுங்கள்.

இப்போது 240 கோடுவரை நிரப்பி, மட்டம் கோட்டைத் தொடும் நொடியில் நேரத்தைத் தொடங்கி, சரியாக இரண்டு நிமிடத்தில் பம்பை நிறுத்துங்கள். நிறைய பேர் இங்கே கோட்டைப் பார்த்துக் கழித்து எழுதிவிடுவார்கள். அதில் ஒரு சின்னப் பிழை ஒளிந்திருக்கிறது. சிலிண்டருக்குள் குழாய் நிற்கிறதல்லவா, அது இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது. கோடுகள் போட்டது காலிச் சிலிண்டருக்கு. 100 மில்லி சிலிண்டரில் 6 மி.மீ. குழாய் நின்றால் அளவு 4, 5 சதவீதம் கூடுதலாகத் தெரியும்.

அதற்கு நான் செய்வது: பம்ப் நின்றதும் குழாயை அசைக்காமல், 100 மில்லி சிலிண்டரில் கரைசலை அளந்து எடுத்து, மறுபடி 240 கோடு வரும்வரை ஊற்றுவேன். எவ்வளவு ஊற்றினேனோ அவ்வளவுதான் பம்ப் குடித்தது. குழாய் எவ்வளவு இடம் அடைத்தாலும் இதில் பிழை வராது. இன்னொரு வசதி, இந்த முறையில் பெரிய பாத்திரத்துக்குக் கோடுகளே தேவையில்லை. ஃபுட் வால்வு சிலிண்டர் வாய்க்குள் நுழையாவிட்டால், கண்ணாடிபோல் தெரியும் ஒரு பாட்டிலில் மார்க்கரால் ஒரே ஒரு கோடு போட்டு அதில் விட்டாலும் போதும். ஃபுட் வால்வு கரைசலுக்கு வெளியே தலைகாட்டாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சிலிண்டரைப் படிக்கும்போது கண் மட்டத்துக்கு நேராக, வளைவின் அடிப்பகுதியைப் பாருங்கள். நின்றுகொண்டு மேலிருந்து பார்த்தால் இரண்டு மூன்று மில்லி எங்கேயோ போய்விடும்.

ஒரு நிமிடம் அளந்தால் போதாதா, எதற்கு இரண்டு நிமிடம்?

நிமிடத்துக்கு 40 மில்லி போகும் பம்புக்கு ஒரு நிமிடமே பரவாயில்லை. ஆனால் நிமிடத்துக்கு 8 மில்லிதான் போகிறது என்றால், படிப்பதில் ஒரு மில்லி தவறினாலும் 12 சதவீதப் பிழை. குறைந்தது 50 மில்லியாவது இறங்கும்வரை ஓட்டுங்கள், அது ஆறு நிமிடமானாலும் சரி. ஒவ்வொரு அமைப்பிலும் மூன்று தடவை எடுங்கள். மூன்றும் ஒன்றோடொன்று இரண்டு மூன்று சதவீதத்துக்குள் வந்தால் சராசரி போடலாம். வராவிட்டால் சராசரி போடுவதில் அர்த்தமில்லை, பம்பில் ஏதோ இருக்கிறது என்று பொருள். அதைக் கீழே சொல்கிறேன்.

குமிழைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி 40 மில்லி வரும்வரை பார்த்தால் போதாதா? குமிழை மூன்று இடத்தில் வைத்து அளந்து கணக்குப் போடச் சொல்கிறீர்களே.

இன்றைக்குப் போதும். அடுத்த மாதம் 46 மில்லி தேவைப்படும்போது மறுபடி முதலிலிருந்து தடவ வேண்டும். மூன்று இடத்தில் ஒரு தடவை அளந்துவிட்டால் அந்தப் பம்பின் குணம் கையில் வந்துவிடும்.

எங்கள் பம்பில், லைன் அழுத்தத்தில், இரண்டு நிமிடம் ஓட்டி எடுத்தது இது: 80-ல் 148 மில்லி, 60-ல் 106, 40-ல் 64. நிமிடத்துக்கு 74, 53, 32. ஒவ்வொரு 20-க்கும் 21 மில்லி குறைகிறது, ஆக குமிழில் ஒரு கோட்டுக்கு ஒரு மில்லிக்குச் சற்று மேல், 1.05.

வேண்டியது 40. அது 32-ஐ விட 8 மில்லி அதிகம். 8-ஐ 1.05-ஆல் வகுத்தால் 7.6. ஆக 40 + 7.6, குமிழில் 48. வைத்து அளந்தோம்: 40, 41, 40. வேலை முடிந்தது.

இதே கோட்டைக் கீழே நீட்டிப் பாருங்கள். 9, 10-க்குப் பக்கத்தில் பம்ப் ஒரு சொட்டும் தள்ளாது என்று வருகிறது. குமிழில் பூஜ்யம் அங்கே இல்லை, நம் பம்பின் பூஜ்யம் இங்கே. சதவீதத்தை வைத்து நேராகப் பெருக்குகிறவர்கள் தவறுவது இந்த இடத்தில்தான். 60-ல் 53 வருகிறது, ஆகவே 30-ல் 26 வரும் என்று நினைப்பார்கள். வருவது 21.5.

மூன்று புள்ளியும் ஏறக்குறைய ஒரு கோட்டில் வராவிட்டால், ஏதோ ஒன்றை அளந்ததில் தப்பு, அல்லது நடுவில் காற்று புகுந்திருக்கிறது. அந்தப் புள்ளியை மறுபடி எடுங்கள்.

பம்பை நிறுத்திவிட்டுக் குமிழைத் திருப்பலாமா?

வேண்டாம், ஓடும்போதே திருப்புங்கள். நின்றிருக்கும்போது டயாஃப்ரத்தின் தண்டு குமிழின் முனையில் அழுந்தி நிற்கலாம். அந்த நேரத்தில் பலமாகத் திருப்பினால் உள்ளே மரை தேயும். பெரும்பாலான பம்ப் கையேடுகளும் இதையேதான் சொல்கின்றன.

இன்னொரு பழக்கம்: எப்போதும் ஒரே திசையிலிருந்து வந்து நிறுத்துங்கள். மரையில் கொஞ்சம் தளர்ச்சி இருக்கும். 60-லிருந்து இறங்கி 48-ல் நிறுத்துவதும், 40-லிருந்து ஏறி 48-ல் நிறுத்துவதும் ஒரே அளவு தராது, எங்கள் பழைய பம்பில் 2 மில்லி வித்தியாசம் வந்தது. நான் எப்போதும் கீழே போய் மேலே ஏறி நிறுத்துவேன். பூட்டு நட் இருந்தால் இறுக்கிவிட்டு இன்னொரு தடவை அளங்கள், இறுக்கும்போதே குமிழ் ஒரு கோடு நகர்ந்துவிடும்.

எங்களுக்கு 15-ல் வைத்தாலே போதும் போலிருக்கிறது. அப்படியே விட்டுவிடலாமா?

விடாதீர்கள். பாதி அடியும் டயாஃப்ரம் வளைவிலேயே போகும் இடம் அது. அழுத்தம் கொஞ்சம் மாறினாலும், ஒரு சின்னக் குமிழி புகுந்தாலும் அளவு பாதியாகும், சில சமயம் ஒன்றுமே போகாது. நான் 30-க்குக் கீழே வைப்பதில்லை, 40-க்கும் 80-க்கும் நடுவில் இருந்தால் நிம்மதி.

ஸ்ட்ரோக்கை மேலே கொண்டுவர இரண்டு வழி. கரைசலை இன்னும் நீர்க்கச் செய்யுங்கள். முன்பு நாங்கள் 20 லிட்டர் ஹைப்போவை 100 லிட்டர் ஆக்கி வைத்திருந்தோம், அப்போது நிமிடத்துக்கு 20 மில்லிதான் வேண்டியிருந்தது, குமிழ் 30-க்குக் கீழே நின்றது. 10 லிட்டராகக் குறைத்தோம், எல்லாம் சரியாயிற்று. டேங்கைச் சீக்கிரம் நிரப்ப வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான். மோட்டார் தினம் ஐந்து மணி நேரம் ஓடினால் 12 லிட்டர் போகும், 100 லிட்டர் ஒரு வாரத்துக்குக் கொஞ்சம் மேல் வரும்.

எலக்ட்ரானிக் பம்ப் என்றால் நிமிடத்துக்கு எத்தனை அடி என்பதற்குத் தனிக் குமிழ் இருக்கும். ஸ்ட்ரோக்கை 60, 70-ல் வைத்துவிட்டு அடியின் எண்ணிக்கையைக் குறைப்பது ஹைப்போவுக்கு நல்லது, நீளமான அடி வாயுவை வெளியே தள்ளிவிடும்.

ஒவ்வொரு தடவை அளக்கும்போதும் வேறு வேறு எண் வருகிறதே?

முதலில் உறிஞ்சும் குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். குமிழிகள் தெரிந்தால் காரணம் அதுவே. ஹைப்போ சும்மா இருக்காது, மெதுவாகச் சிதைந்துகொண்டே வாயு விடும். வெயில் படும் இடத்தில் டேங்க் இருந்தால் இன்னும் அதிகம். அந்த வாயு பம்ப் தலைக்குள் சேர்ந்தால் டயாஃப்ரம் வாயுவை அமுக்கி அமுக்கி விடும், கரைசல் நகராது. பம்ப் டக் டக் என்று அடித்துக்கொண்டே இருக்கும், நாமும் ஓடுகிறது என்று நம்பிக்கொண்டிருப்போம். காலையில் முதல் தடவை போடும்போது இது அதிகம் நடக்கும், இரவு முழுக்க நின்ற கரைசல் அல்லவா. ஏர் வால்வைத் திறந்து குமிழி போகும்வரை விட்டு மூடுங்கள். டேங்கைப் பம்பை விட உயரமாக வைத்துக் கரைசல் தானாக இறங்கி வரும்படி செய்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் போய்விடும், ஆனால் மேலே சொன்ன சைஃபனையும் அப்போது மறக்கக் கூடாது.

குமிழி இல்லை, ஆனாலும் அளவு மாதாமாதம் குறைந்துகொண்டே வருகிறது என்றால் வால்வுகளில் வெள்ளைப் படிவு. ஹைப்போ நல்ல காரத்தன்மை உள்ளது, நம் போர் தண்ணீர் கடினம், இரண்டும் சந்திக்கும் இன்ஜெக்ஷன் வால்வில் சுண்ணாம்பு கட்டும். உள்ளே குண்டு சரியாக உட்காராது, ஒவ்வொரு அடியிலும் கொஞ்சம் திரும்பி வரும்.

சுத்தம் செய்ய வினிகரோ நீர்த்த அமிலமோ போடலாம். ஆனால் ஹைப்போ ஒட்டியிருக்கும் பாகத்தில் அமிலம் பட்டால் குளோரின் வாயு கிளம்பும், அது நுரையீரலைக் கெடுக்கும், உயிருக்கே ஆபத்து. மோட்டாரையும் பம்பையும் நிறுத்தி, லைன் வால்வை மூடி, அழுத்தத்தை இறக்கி, கழற்றிய பாகங்களை வாளித் தண்ணீரில் நன்றாக அலசி, அப்புறம்தான் அமிலம். அதுவும் திறந்த வெளியில், வேறு பாத்திரத்தில். திரும்ப மாட்டும் முன்பும் இன்னொரு தடவை அலசல். பம்ப் மாட்டியிருக்கும்போதே டேங்கில் அமிலத்தை ஊற்றி ஓடவிடும் ஆட்களைப் பார்த்திருக்கிறேன், அந்த அறைக்குள் நான் போகவே மாட்டேன்.

அளவு சரியாக 40 மில்லி வருகிறது. ஆனால் குழாயில் குளோரின் காட்டவில்லை. குமிழை ஏற்றிவிடட்டுமா?

குமிழில் கை வைக்கும் முன் கரைசலைச் சந்தேகப்படுங்கள். பம்ப் 40 மில்லி போடுகிறது, சரி, அந்த 40 மில்லியில் குளோரின் இருக்கிறதா?

இதற்கு ஒரு எளிய சோதனை. ஒரு சதவீதக் கரைசலின் ஒரு மில்லியில் 10 மில்லிகிராம் குளோரின் உண்டு. 10 லிட்டர் ஆர்.ஓ. தண்ணீரை ஒரு சுத்தமான பக்கெட்டில் எடுத்து, டேங்க் கரைசல் ஒரு மில்லியை ஊசி போடும் சிரிஞ்சில் அளந்து விட்டுக் கலக்குங்கள். உடனே டெஸ்ட் கிட்டில் பாருங்கள். 1 காட்டினால் கரைசல் சரி. 0.6 காட்டினால் உங்கள் கரைசல் 0.6 சதவீதம்தான். போர் தண்ணீரில் இந்தச் சோதனை செய்யாதீர்கள், அதில் உள்ள இரும்பும் மற்றவையும் குளோரினைக் கொஞ்சம் தின்றுவிடும், கரைசலின் மேல் வீண் பழி விழும். பக்கெட் அழுக்காக இருந்தாலும் அப்படியே. கலர் பார்த்துச் சொல்லும் கிட் என்பதால் இதில் துல்லியம் எதிர்பார்க்க வேண்டாம், பாதியாகிவிட்டதா இல்லையா என்று தெரிந்தால் போதும்.

போன கோடையில் எங்களுக்கு இதுதான் நடந்தது. காவலாளி அறைக்கு வெளியே வெயிலில் ஒரு மாதத்துக்கு மேல் நின்ற கேன். 0.5 காட்டியது. ஆபரேட்டர் தம்பி அதற்குள் குமிழை 48-லிருந்து 85-க்கு ஏற்றியிருந்தார். புதுக் கேன் வந்து கலந்த அன்று மதியம் மூன்று வீட்டிலிருந்து போன், தண்ணீர் நீச்சல் குளம் மாதிரி வாடை அடிக்கிறது என்று. அதன்பிறகு கேனுக்கு நிழல், கேன் மேல் வாங்கிய தேதி.

கரைசலும் சரி என்றால் அடுத்தது தண்ணீரின் அளவு மாறியதா என்று பாருங்கள், தொட்டி மட்டத்தை மறுபடி அளந்தால் தெரியும். அதுவும் மாறவில்லை என்றால் தண்ணீரே அதிகக் குளோரினைக் கேட்கிறது. அப்போதுதான் குமிழ்.

கடைசி வீட்டில் 0.2 காட்டுகிறது, 0.5 ஆக்க வேண்டும். எவ்வளவு திருப்ப வேண்டும்?

0.2 என்பது இந்தியத் தரமான IS 10500:2012 சொல்லும் குறைந்தபட்ச மீதிக் குளோரின். வைரஸ் பாதுகாப்பு வேண்டுமென்றால் 0.5 என்கிறது அதே தரம். உங்கள் ஆசை நியாயமானதே.

லிட்டருக்கு 0.3 மில்லிகிராம் கூட வேண்டும். மணிக்கு 12,000 லிட்டருக்கு 3.6 கிராம், ஒரு சதவீதக் கரைசலில் 0.36 லிட்டர், நிமிடத்துக்கு 6 மில்லி. கோட்டுக்கு 1.05 மில்லி என்று முன்பே கண்டுபிடித்தோம். ஆக 48-லிருந்து 54. வைத்து, சிலிண்டரில் 46 வருகிறதா என்று ஒரு தடவை பாருங்கள். 0.2-லிருந்து 0.5 என்றால் இரண்டரை மடங்கு, ஆகவே குமிழையும் இரண்டரை மடங்கு திருப்ப வேண்டும் என்று கணக்குப் போட்டால் 120 வரும், பம்பில் 100-தான் இருக்கிறது. போட்ட 2 மில்லிகிராமில் பெரும்பகுதியை ஏற்கெனவே தண்ணீர் தின்றுவிட்டது, அந்தப் பசி அடங்கியபின் கூடுதலாகப் போடுவது பெரும்பாலும் மீதியாகவே நிற்கும்.

திருப்பிய உடனே போய் டெஸ்ட் செய்யாதீர்கள். தொட்டியில் பழைய தண்ணீர் இருக்கும். ஒரு முறை தொட்டி மாறி, குறைந்தது அரை மணி நேரம் குளோரின் வேலை செய்தபின் பாருங்கள். நான் மறுநாள் காலைதான் பார்க்கிறேன். கூட்டியும் மீதி ஏறவே இல்லை, உள்ளே போவதெல்லாம் காணாமல் போகிறது என்றால், போர்வெல்லில் சாக்கடை நீர் கசிகிறதா என்று ஆய்வகத்தில் தண்ணீரைக் கொடுத்துப் பாருங்கள், அது பம்ப் பிரச்சினை இல்லை.

ஹைப்போவுக்குப் பதில் பிளீச்சிங் பவுடர் கரைத்துப் போடலாமா?

போடலாம், ஆனால் தெளிந்த நீரை மட்டும். வேறு டிரம்மில் கரைத்து ஒரு இரவு வைத்து, மேலே தெளிந்ததை மட்டும் டோசிங் டேங்குக்கு மாற்றுங்கள். அடியில் நிற்கும் சுண்ணாம்புச் சேறு வால்வுக்குள் போனால் ஒரே வாரத்தில் அளவு மாறும். பவுடருக்கு மாறினால் கரைசலின் பலமும் மாறும், மேலே சொன்ன பக்கெட் சோதனையைச் செய்யாமல் பழைய 48-ஐ நம்பாதீர்கள்.

எத்தனை நாளுக்கு ஒரு முறை அளக்க வேண்டும்?

மூன்று இட அளவு எங்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை, அப்புறம் டயாஃப்ரமோ வால்வோ மாற்றினால் உடனே. ஓடிக்கொண்டிருக்கும் அமைப்பில் ஒரே ஒரு அளவு மட்டும் வாரம் ஒரு முறை, டேங்க் நிரப்பும் நாளில். பம்ப் பக்கத்துச் சுவரில் ஒரு நோட்டு தொங்குகிறது. அதில் தேதி, குமிழ் எண், இரண்டு நிமிடத்தில் இறங்கிய மில்லி, கடைசி வீட்டுக் குளோரின், நான்கே பத்தி. போன மாதம் குமிழ் மாறாமல் மில்லி மட்டும் 80, 79, 76, 71 என்று இறங்கியிருந்ததைப் பார்த்துத்தான் இன்ஜெக்ஷன் வால்வைக் கழற்றினேன், வாயில் பட்டாணி அளவுக்கு வெள்ளைக் கட்டி. கடைசி வீட்டில் அப்போதும் 0.3 காட்டிக்கொண்டிருந்தது, யாரும் புகார் சொல்லவில்லை.